மன்னிப்புக்கு ஏன் மினிமம் ஓடர்?

தீபாவளி முடிஞ்சு ஐஞ்சாம் நாள் என்ர போனுக்கு ஒரு மெயில் வந்தது. மேலே விளக்குப் படம், பக்கத்தில ஒரு சோக மூஞ்சி, கீழே ஆங்கிலம். பக்கத்தில இருந்த அம்மா "என்னவாம்?" எண்டு கேட்டா. தமிழாக்கிச் சொன்னேன்: "பண்டிகைக் கால நெருக்கடி காரணமாக உங்களுக்கு ஏதும் அசௌகரியம் ஏற்பட்டிருப்பின் வருந்துகிறோம். எங்கள் அன்பின் அடையாளமாக 300 ரூபா கூப்பன்."

அம்மா கொஞ்ச நேரம் பேசேல்ல. பிறகு கேட்டா: "ஏற்பட்டிருப்பின் எண்டா? ஏற்பட்டது அவைக்குத் தெரியாதோ?"

தெரியும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போறேன். தாமதம் நடந்தது எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை. சம்பூரில இருக்கிற ஆக்களுக்குத் தாமதம் புதுசில்லை. 2006இல ஊரை விட்டுப் போன சனம் திரும்பி வந்து வேலி போட்டது 2015, 2016இல. அதோட ஒரு பார்சலை ஒப்பிட நான் வரேல்ல. ஆனா காத்திருந்து பழகின சனத்துக்குக் காரணம் சொல்லுறவன் யார், கதை விடுறவன் யார் எண்டு பிரிச்சறியத் தெரியும். அம்மா ஒரு சொல்லில பிடிச்சிட்டா.

நடந்தது இதுதான். தங்கச்சிக்கு எட்டு வயசு. தீபாவளிக்கு ஒரு பிறொக், 4,200 ரூபா. டெலிவரிக்கு 450. ஓடர் பண்ணினது பதினொரு நாளுக்கு முதல். அப்பிலே "தீபாவளிக்கு முன் உறுதி" எண்டு பச்சை நிறத்தில இருந்தது. முகவரிப் பட்டியலில சம்பூர் இல்லை, மூதூரைத்தான் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. அது வேற கதை. தீபாவளி திங்கட்கிழமை. பார்சல் வியாழக்கிழமையே திருகோணமலை ஹப்புக்கு வந்திட்டுது. ட்ரக்கிங்கில அப்படித்தான் இருந்தது. வெள்ளி, சனி ஒரு அசைவும் இல்லை. ஞாயிறு பின்னேரம் ஒரு வரி: வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. என்ர போன் அந்த நேரம் என்ர கையில தான் இருந்தது. ஒரு மிஸ்ட் கோல் கூட இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் பார்சல் வந்தது. தங்கச்சி திங்கள் காலமை பொங்கலுக்கு எடுத்த சட்டையோட கோவிலுக்குப் போட்டு வந்திட்டா.

இப்ப அந்த 300 ரூபாக் கூப்பனைக் கொஞ்சம் திறந்து பார்ப்பம். சின்ன எழுத்தில நாலு நிபந்தனை இருந்தது. 5,000 ரூபாவுக்கு மேல வாங்க வேணும். ஏழு நாளுக்குள்ள வாங்க வேணும். கார்ட்டில மட்டும்தான் கட்டலாம். டெலிவரிக் காசுக்குப் பொருந்தாது. எங்கட வீட்டில கார்ட் இல்லை, பார்சல் வந்த பிறகு கையில காசு குடுக்கிறதுதான் பழக்கம். எங்கட பக்கத்தில முக்கால்வாசி வீட்டிலயும் அப்படித்தான் எண்டு நினைக்கிறேன். சரி, ஒரு மாமாட கார்ட்டைக் கடன் வாங்குறம் எண்டு வைப்பம். 5,000க்குச் சாமான் எடுத்து, 300 கழிச்சு, 450 டெலிவரி கூட்டினா 5,150. அதாவது அவையின்ர மன்னிப்பை ஏற்றுக்கொள்ள நாங்க 5,150 ரூபா குடுக்க வேணும். நேரத்துக்கு வராத டெலிவரிக்கு நாங்க ஏற்கனவே குடுத்த 450ஐ அவை தொடவே இல்லை. 300 எண்டது 450ஐ விடக் குறைவு எண்டதும் யாருக்கும் உறைக்கேல்ல.

இதுக்குப் பெயர் மன்னிப்பு இல்லை. தீபாவளி முடிஞ்ச கிழமையில வியாபாரம் படுத்திடும், அதைத் தூக்கி நிறுத்த ஒரு விளம்பரம் தேவை. அந்த விளம்பரத்துக்கு ஒரு சோக மூஞ்சி ஒட்டியிருக்கினம்.

"கொம்பனிக்காரன் என்ன செய்யிறது, பண்டிகை நேரம் எல்லாருக்கும் நெருக்கடிதானே" எண்டு என்ர கம்பஸ் நண்பர் ஒருவர் சொன்னார். நியாயமான கேள்விதான். அதால இதை வேற ஆக்கள் எப்படிச் செய்தவை எண்டு தேடிப் பார்த்தேன்.

2013 டிசம்பர், அமெரிக்கா. நத்தாருக்கு முதல் நாள் வந்து சேர வேண்டிய ஏராளமான பார்சல்கள் வரேல்ல. அந்த வருஷம் நன்றி நாள் நவம்பர் 28இல வந்ததால நத்தாருக்கு முந்தின வியாபார நாட்கள் வழமையை விடக் குறைவு. மோசமான காலநிலை வேற. சனமும் கடைசி நேரத்தில ஒன்லைனில கொட்டித் தள்ளினது. யூ.பி.எஸ். கூரியர் நிறுவனம் தங்கட கொள்ளளவை விட அதிகமான பார்சல் வந்திட்டுது எண்டு ஒப்புக்கொண்டது. இதில அமேசன் செய்தது கவனிக்க வேண்டியது. தவறினது கூரியர்காரன். ஆனா அமேசன் பாதிக்கப்பட்ட ஆக்களுக்கு டெலிவரிக் காசைத் திருப்பிக் குடுத்து, அதுக்கு மேல 20 டொலர் கிப்ட் கார்டும் குடுத்தது.

அமேசனை நான் புகழ வரேல்ல. அவங்கட களஞ்சியத்தில வேலை செய்யிற ஆக்களைக் கேட்டா வேற கதை சொல்லுவினம். ஆனா இந்த ஒரு செயலில ரெண்டு விசயம் சரி. முதலாவது, வாங்கினவன் காசு குடுத்தது அமேசனுக்கு, கூரியருக்கில்லை. அதால பதில் சொல்ல வேண்டியதும் அமேசன். "எங்கட டெலிவரிப் பங்காளர்" எண்டு கையை நீட்டுறது வாங்கினவனுக்கு ஒரு பதிலே இல்லை. அந்தப் பங்காளரைத் தெரிவு செய்தது அவனில்லையே. ரெண்டாவது, திருப்பிக் குடுத்ததும் பரிசாகக் குடுத்ததும் தனித்தனி. டெலிவரிக் காசு எண்டது கடன். செய்யாத வேலைக்கு வாங்கின காசு, அதைத் திருப்பித்தான் ஆக வேணும். கிப்ட் கார்ட் அதுக்கு மேல வாற நல்லெண்ணம். கடனை அடைக்காம நல்லெண்ணம் காட்ட ஏலாது. எங்கட கூப்பன்காரர் செய்தது அதைத்தான். கிப்ட் கார்ட்டுக்கும் கூப்பனுக்கும் இன்னொரு வித்தியாசமும் இருக்கு. கார்ட்டில இருக்கிற காசு கிட்டத்தட்டக் காசு மாதிரி. 20 டொலருக்கு ஒரு சாமானை எடுத்திட்டுப் பேசாம இருக்கலாம். கூப்பன் நீ இன்னும் செலவழிச்சா மட்டும்தான் உயிர் பெறும்.

கடிதத்தைப் பொறுத்தவரைக்கும் எனக்குப் பிடிச்ச உதாரணம் இந்தியாவில இருக்கு. 2014 ஒக்ரோபர் 6இல, தீபாவளிக்கு முந்தின பெரிய விற்பனை நாள் எண்டு ஃபிளிப்கார்ட் ஒரு நாளை அறிவிச்சது. பத்து மணித்தியாலத்தில 600 கோடி ரூபாவுக்கு வித்ததாகச் சொன்னாங்கள். ஆனா தளம் தொங்கினது, சாமான் நொடியில முடிஞ்சது, விலை மாறினது, ஓடர்கள் ரத்தானது. சனம் திட்டித் தீர்த்தது. அடுத்த நாள் நிறுவனர்கள் சச்சின் பன்சால், பின்னி பன்சால் ரெண்டு பேரின்ர பெயரிலயும் வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம் போனது. அதில "ஏதும் ஏற்பட்டிருப்பின்" இல்லை. விலை மாறினது, இருப்பு இல்லாமப் போனது, ரத்தானது, தளம் விழுந்தது எண்டு ஒவ்வொண்டையும் தனித்தனித் தலைப்பாப் போட்டு, எது ஏன் நடந்தது எண்டு எழுதியிருந்தாங்கள். கிட்டத்தட்ட 5,000 சேர்வர் போட்டு, 20 மடங்கு கூட்டத்துக்குத் தயாராகினம், வந்தது அதை விட அதிகம் எண்டு எண்ணோட சொன்னாங்கள். இதில கொஞ்சம் பெருமையடிக்கிறதும் இருக்கு, மறுக்கேல்ல. "எங்களுக்கு அவ்வளவு கூட்டம்" எண்டு சொல்லி அழுகிற மாதிரி. எண்டாலும் நடந்ததை நடந்தது எண்டு சொல்லியிருந்தது. வாசிக்கிறவன் தனக்கு நடந்ததை அந்தக் கடிதத்தில கண்டுபிடிக்கலாம். எங்களுக்கு வந்த மெயிலில தங்கச்சின்ர பிறொக்கும் இல்லை, ஞாயிறு பின்னேரத்துப் பொய்யும் இல்லை.

அப்ப நல்ல கடிதம் எழுதினாக் காணுமா? காணாது எண்டு ஒரு பரிசோதனை சொல்லுது. சிக்காகோ பல்கலைக்கழகத்துப் பொருளியலாளர் ஜோன் லிஸ்ட் ஊபரிலயும் வேலை செய்தவர். ஒரு நாள் அவரையே ஊபர் கார் போக வேண்டிய இடத்துக்குக் கொண்டு போகாம, சுத்தித் திரும்ப வீட்டு வாசலிலயே கொண்டு வந்து விட்டிட்டுதாம். அதுக்குப் பிறகு அவரும் கூட்டாளிகளும் 15 லட்சம் ஊபர் பயணிகளை வைச்சு ஒரு சோதனை செய்தாங்கள். சொன்ன நேரத்தை விடப் பிந்திப் போய்ச் சேர்ந்தவைக்குச் சிலருக்கு ஒண்டும் அனுப்பேல்ல, சிலருக்கு மன்னிப்புச் சொல் மட்டும், சிலருக்கு 5 டொலர் கூப்பனோட மன்னிப்பு. வெறும் சொல்லால பெரிசா ஒரு மாற்றமும் வரேல்ல. காசு சேர்ந்த மன்னிப்புத்தான் ஆக்களைத் திரும்ப வரச் செய்தது.

ஆனா எனக்கு முக்கியமாப் பட்டது மற்ற முடிவு. ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பப் பிந்தி, திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டா, ஒண்டும் சொல்லாம விட்டதை விட மோசமாப் போகுது. இனி ஒழுங்கா வருவம் எண்டு வாக்குக் குடுத்த மன்னிப்புக்கள் அடுத்த முறையும் பிந்தினா இன்னும் மோசம். யோசிச்சுப் பார்த்தா இது எங்கட அம்மாமாருக்கு எப்பவோ தெரிஞ்ச விசயம். மன்னிப்பு எண்டது ஒரு வாக்குறுதி. முதல் தரம் கேட்டா நம்புறம், மூண்டாம் தரம் கேட்டா "இதுவே இவனுக்குத் தொழிலாப் போச்சு" எண்டு சொல்லுறம். சித்திரைக்கு ஒண்டு, தீபாவளிக்கு ஒண்டு, நத்தாருக்கு ஒண்டு எண்டு அதே சோக மூஞ்சியை அனுப்புற கொம்பனிகள் இதைக் கவனிக்கலாம்.

இவ்வளவையும் நான் அப்பவே எழுதியிருப்பேன். ஆனா அந்தக் கிழமை திருகோணமலை ரவுணில இருக்கிற மச்சாள் கோல் எடுத்தா. அவ பேஸ்புக்கில ஒரு பேஜ் வைச்சு சாரியும் சல்வாரும் விக்கிறவ. சல்வாரை ஆளின்ர அளவுக்குத் தைச்சு அனுப்புவா. தீபாவளிக்கு 64 ஓடர். அதில 21 பிந்திட்டுது. சனம் பேஜில வந்து திட்டுது. "உனக்குத்தான் எழுத வருமே, ஒரு சொறி லெட்டர் எழுதித் தா. ஒரு கூப்பனும் போடுவம்" எண்டா.

பாருங்கோ, திட்டுற பக்கத்தில இருந்து திட்டு வாங்குற பக்கத்துக்கு ஒரே கோலில வந்திட்டேன்.

முதலில அவவும் அதே வசனத்தைத்தான் சொன்னா: "கூரியர்காரன் பிந்தினதுக்கு நான் என்ன செய்யிறது?" நான் 21 ஓடரின்ர வேபில் நம்பரையும் எடுத்து ஒண்டொண்டாப் பார்த்தேன். இது யாரும் செய்து பார்க்கலாம். ட்ரக்கிங்கில முதல் வரி லேபல் அடிச்ச நேரம். ரெண்டாவது வரி கூரியர்காரன் பார்சலை வாங்கி ஸ்கேன் பண்ணின நேரம். இந்த ரெண்டுக்கும் இடையில இருக்கிற இடைவெளி விக்கிறவற்ற பிழை. ஸ்கேன் பண்ணினதுக்குப் பிறகு, ஹப்பில இருந்து வீட்டு வாசல் வரைக்கும் உள்ள இடைவெளி கூரியர்ற பிழை. விக்கிற சில பேர் லேபலை மட்டும் முந்தியே அடிச்சுப் போடுவினம். வாங்கினவருக்கு ஓடர் புறப்பட்டிட்டுது எண்டு தெரியும். பார்சல் இன்னும் தையல்காரற்ற மேசையில கிடக்கும். மச்சாளும் அதைத்தான் செய்திருந்தா. எட்டு ஓடருக்கு லேபல் செவ்வாய், ஸ்கேன் சனிக்கிழமை. மற்றப் பதின்மூண்டும் புதன்கிழமையே குடுத்தது, ஹப்பில கிடந்தது.

"எட்டு உங்கட" எண்டு சொன்னேன். கோவம் வந்திட்டுது. பிறகு கொஞ்சம் பொறுத்துச் சொன்னா: ஒரே ஒரு தையல்காரர்தான், புதன்கிழமையே அவர் ஏலாது எண்டு சொல்லிட்டாராம். "அப்ப நீங்க ஏன் அந்த எட்டுப் பேருக்கும் புதன்கிழமையே சொல்லேல்ல?" "சொன்னா ஓடரைக் கென்சல் பண்ணிப் போடுவினம்."

இந்த ஒரு வசனத்துக்குள்ளதான் எல்லாம் கிடக்கு. மச்சாளுக்குப் புதன்கிழமை தெரியும். எங்கட பிறொக்கை வைச்சிருந்த கொம்பனிக்கு வெள்ளிக்கிழமை தெரியும். ஹப்பில எத்தினை பார்சல் கிடக்கு, மோட்டர் சைக்கிள்காரர் எத்தினை பேர், ஒருவர் ஒரு நாளைக்கு எத்தினை குடுப்பார் எண்டது கணக்கு. ரவுணுக்குள்ள இருக்கிற தெருவை முதல் முடிப்பினம், கிண்ணியா தாண்டி மூதூர் தாண்டி சம்பூருக்கு வாறதைச் சேர்த்து வைச்சு ஒரு நாள் வருவினம். அது அவையின்ர சம்பளத்துக்கும் எண்ணெய்க் காசுக்கும் சரியான கணக்குத்தான், அந்தப் பெடியங்களை நான் குறை சொல்லேல்ல. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொய் வரியை அழுத்தினதும் அநேகமா, குடுக்காத பார்சலுக்குத் தண்டக் காசு வெட்டுவாங்கள் எண்ட பயத்திலதான் இருக்கும். ஆனா வெள்ளிக்கிழமை "உங்கட பார்சல் திங்களுக்கு முதல் வராது" எண்டு ஒரு எஸ்.எம்.எஸ். வந்திருந்தா, சனிக்கிழமை அம்மா மூதூருக்குப் போய் ஒரு சட்டை எடுத்திருப்பா. எங்களிட்ட இருந்து பறிச்சது பிறொக்கை இல்லை, அந்தச் சனிக்கிழமையை. பண்டிகைக்குப் பிந்தின பார்சல் மற்றத் தாமதம் மாதிரி இல்லை. திங்களுக்குத் தேவைப்பட்ட சாமான் செவ்வாய் அதே சாமான் இல்லை. அதால முதலில அனுப்ப வேண்டிய மன்னிப்பு, பிந்தப் போகுது எண்டு தெரிஞ்ச அண்டைக்கு அனுப்புறது. கென்சல் பண்ணுற பட்டனோட சேர்த்து. அந்த எஸ்.எம்.எஸ்.ஐ அனுப்பாம விட்டவன் பிறகு அனுப்புற எந்தக் கூப்பனும், அனுப்பாம விட்டதால மிச்சம் பிடிச்ச ஓடருக்குக் குடுக்கிற கொமிசன்.

சரி, மச்சாளுக்கு அந்த நாள் போயிட்டுது. இனி என்ன செய்யலாம் எண்டு இருந்து கணக்குப் பார்த்தம். ஒரு ஓடரில அவவுக்கு மிஞ்சுறது ஏறக்குறைய 700 ரூபா. 64க்கு 44,800. இதுதான் அவவின்ர தீபாவளி. அமேசன் மாதிரி அள்ளிக் குடுக்க ஏலாது. 21 பேருக்கும் டெலிவரிக் காசு 400 திருப்பினா 8,400. எல்லாருக்கும் 500 ரூபாக் கூப்பனும் குடுத்து எல்லாரும் பாவிச்சா இன்னும் 10,500. ரெண்டும் சேர்த்து 18,900, லாபத்தில பாதிக்குக் கிட்ட. "அப்ப கூப்பனை மட்டும் குடுப்பம், 4,000க்கு மேல வாங்கினா எண்டு போடுவம்" எண்டா மச்சாள். நான் ஏலாது எண்டேன். சண்டைதான். கடைசியில நான் கேட்டது ஒண்டுதான்: அந்த 400 யாற்ற காசு? வேலை நடக்காட்டி அது உங்கட காசில்லை. குறைக்க வேணும் எண்டா பரிசைக் குறைப்பம், கடனைக் குறைக்க ஏலாது.

அப்படித்தான் முடிவெடுத்தம். பிந்தின 21 பேருக்கும், யாற்ற பிழை எண்டாலும், 400 ரூபா காசாத் திரும்பும். வங்கிக் கணக்கு இருந்தா அதுக்கு, இல்லாட்டி போன் ரீலோட். கூப்பன் தீபாவளிக்கு முதல் கிடைக்காமப் போன 15 பேருக்கு மட்டும். மற்ற ஆறு பேருக்குச் சாமான் பிந்தினாலும் பண்டிகைக்கு முதல் போயிட்டுது. கூப்பனுக்கு மினிமம் இல்லை, கையில காசு குடுத்தும் பாவிக்கலாம், பொங்கல் முடியும் மட்டும் செல்லும். ஏழு நாள் கூப்பன் பொருளைக் கழிக்கத்தான். தீபாவளிக்கு உடுப்பெடுத்த வீடு அடுத்த உடுப்பை யோசிக்கிறது பொங்கலுக்குத்தானே.

கடிதம் ரெண்டு விதமா எழுதினம். தையலால பிந்தின எட்டுப் பேருக்குப் போனது இது:

"வணக்கம் அக்கா. நீங்கள் எடுத்த பச்சை சல்வார் தீபாவளிக்கு முதல் உங்கட கையில இருந்திருக்க வேணும். வரேல்ல, ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்தது. பிழை என்னில. தைக்கக் கூடின அளவை விடக் கூட ஓடர் எடுத்திட்டேன். பிந்தும் எண்டு எனக்குப் புதன்கிழமையே தெரியும், நீங்கள் ஓடரை நிப்பாட்டிப் போடுவீங்கள் எண்டு பயந்து சொல்லேல்ல. நீங்கள் கட்டின டெலிவரிக் காசு 400 ரூபாவை இண்டைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உடுப்பு இனித் தேவையில்லை எண்டா முழுக் காசும் தருவேன், எடுக்கிற செலவு என்ர. பொங்கல் முடியும் வரைக்கும் எந்தச் சாமானுக்கும் 500 ரூபா குறைச்சுத் தாறேன், உங்கட போன் நம்பரைச் சொன்னாக் காணும். பாவிக்க வேணும் எண்டில்லை. இனிப் பண்டிகைக்குப் பத்து நாளுக்கு முதல் தையல் ஓடரை மூடுவேன்."

இதில "அன்பின் அடையாளமாக" இல்லை, "மதிப்புமிக்க வாடிக்கையாளரே" இல்லை. நான் முதல் எழுதினதில கடைசியில "உங்கள் பொறுமைக்கு நன்றி" எண்டு இருந்தது. மச்சாள் தான் வெட்டினா. "அதுகள் பொறுமையா இருக்கேல்லயே, பேஜில வந்து கிழிச்சதுகள், ஏன் இல்லாததுக்கு நன்றி?" எண்டு. சரியான எடிட். கூரியரால பிந்தின பதின்மூண்டு பேருக்குப் போனதில புதன்கிழமை குடுத்ததையும் ஹப்பில நிண்டதையும் ரெண்டு வரியில சொல்லி, "தெரிவு செய்தது நான், அதால பொறுப்பும் நான்" எண்டு எழுதினம். பதினைஞ்சு நாள் கழிச்சு அனுப்பிற மொத்த மெயிலா இல்லாம, ஒவ்வொருவருக்கும் வட்ஸப்பில, நிறமும் நாளும் மாத்தி, தமிழில. கிண்ணியா, மூதூர் உம்மாமாருக்கு "அக்கா"வை மாத்தி "தாத்தா" எண்டு போட்டம். 21 மெசேஜுக்கு ரெண்டு மணித்தியாலம் போனது. லட்சம் பேருக்கு அனுப்புற கொம்பனிக்கு இது ஏலாது எண்டு சொல்லுவாங்கள். அவங்கட கணினிக்கு என்ர பெயரும் பிறொக்கின்ர நிறமும் வந்த நாளும் தெரியும். அடுத்த கிழமையே "நீங்கள் வாங்கின பிறொக்குக்குப் பொருத்தமான சப்பாத்து" எண்டு விளம்பரம் அனுப்பத் தெரிஞ்சுதே.

முடிவு பெரிய வெற்றிக் கதை ஒண்டும் இல்லை. ரெண்டு பேர் உடுப்பைத் திருப்பித் தந்தினம். ஒருவர் பதிலே போடாம புளொக் பண்ணிட்டார். பொங்கல் மட்டும் கூப்பனைப் பாவிச்சது ஆறு பேர், 3,000 ரூபா. டெலிவரிக் காசோட சேர்த்து 11,400, லாபத்தில கால்வாசி. மச்சாள் இதை இப்பவும் எனக்குச் சொல்லிக் காட்டுறவ. பொங்கலுக்குப் பத்து நாளுக்கு முதல் தையல் ஓடரை மூடினா, அதில எத்தினை ஓடர் போச்சு எண்டும் சொல்லிக் காட்டுறவ.

கட்டைபறிச்சானில இருந்து ஒரு அம்மா மட்டும் குரல் பதிவு அனுப்பியிருந்தா. "400 ரூபா வந்தது மகள். கூப்பன் வேண்டாம், நான் அதுகள் பாவிக்கத் தெரியாத ஆள். புதன்கிழமை ஒரு கோல் எடுத்திருக்கலாம் என்ன" எண்டு. மச்சாள் அதை ரெண்டு தரம் போட்டுக் கேட்டா. பிறகு அந்த அம்மாட நம்பரைத் தனியாப் பதிஞ்சு வைச்சா.

எங்களுக்கு வந்த 300 ரூபாக் கூப்பன் ஏழாம் நாள் செத்துப் போச்சு. சாகிறதுக்கு முதல் நாள் "உங்கள் சலுகை முடியப் போகிறது, விரையுங்கள்!" எண்டு ஒரு ஞாபகமூட்டலும் வந்தது. அது மட்டும் சரியா நேரத்துக்கு வந்தது.